ஷோரூம் திறப்பு விழா: வந்தவர்களில் வாங்கியவர்கள் யார்?

டைல்ஸ் ஷோரூம் நடத்துபவர்:
எங்கள் டைல்ஸ், குளியலறைச் சாதன ஷோரூமின் திறப்பு விழாவுக்கு 200 பேரை அழைத்தோம். கட்டடக் கலைஞர்கள் 30, ஒப்பந்தக்காரர்கள் 50, வீடு கட்டுபவர்கள் 70, சப்ளையர்களும் தெரிந்தவர்களும் 50 என்று பட்டியலைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவின் அழைப்பிதழ் மூலையிலும் தனித்தனி எழுத்தை அச்சிட்டோம். வரவேற்பு மேசையில் பெயர், கைபேசி எண்ணுடன் அந்த எழுத்தையும் குறித்துக்கொண்டதால், பின்னர் விலை கேட்டவர் எந்தப் பிரிவு என்பது தெரிந்தது.

பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கை, விழாவுக்குப் பிறகு மாதிரிகளை எடுத்துச் சென்று காட்டவும் விலைப்பட்டியல் அனுப்பவும் ஒதுக்கியிருந்தோம். முந்தின நாள் அலங்காரக்காரர் கேட்பது சரியாக இந்தப் பணத்தைத்தான்; கொடுக்காதீர்கள்.

விசாரணைச் சீட்டுகள் 48 சேர்ந்தன. ஒரே வீட்டுக்காகக் கணவர், மனைவி, மேஸ்திரி எனத் தனித்தனியே கேட்டிருந்தவற்றை, கட்டட முகவரியை வைத்துச் சேர்த்தபோது 39 ஆயின.

மரச்சாமான் கடைக்காரர்:
இவ்வளவு எதற்கு? தள்ளுபடிக் கூப்பன் கொடுத்து, திரும்பி வருவதை எண்ணினால் போதுமே.

டைல்ஸ் ஷோரூம் நடத்துபவர்:
வாங்கியவரைக் கூப்பன் காட்டும். கேட்டுவிட்டுப் போனவரைக் காட்டாது. எங்கள் தொழிலில் அந்த இடைவெளி நீளமானது. சுவருக்குள் புதையும் குழாய்ப் பொருத்துகளைப் பூச்சு வேலைக்கு முன்பே தேர்ந்தெடுக்க வேண்டும். தரை டைல்ஸோ பூச்சு முடிந்த பிறகுதான். ஆகையால் சீட்டில் "கட்டட வேலை எந்த நிலையில் இருக்கிறது?" என்ற கேள்வியைச் சேர்த்து, அடித்தள நிலையில் இருப்பவரை வாரந்தோறும் நச்சரிக்காமல், பூச்சு தொடங்கும் மாதத்தைக் குறித்துவைத்து அழைத்தோம். முதல் மாத விற்பனை 6; அனைத்தும் வீடு கட்டுபவர்களிடமிருந்து வந்தவை. அந்தக் கணக்கோடு நிறுத்தியிருந்தால், கட்டடக் கலைஞர்களுக்குச் செய்த செலவு வீண் என்றே முடிவு செய்திருப்போம். ஆறாம் மாதத்துக்குள் அவர்கள் வழியாக 3 முழுக் கட்டட ஆர்டர்கள் வந்தன. பரப்பளவில் அவை முந்தைய ஆறையும் மிஞ்சின.

விளக்குக் கடைக்காரர்:
எங்கள் விழாவில் சாப்பாடு பாதிக்கு மேல் மிஞ்சிவிட்டது. எத்தனை பேருக்குச் சொல்லலாம்?

டைல்ஸ் ஷோரூம் நடத்துபவர்:
இரண்டு நாள் முன்பு தொலைபேசியில் கேட்டு, வருவதாகச் சொன்னவர்களின் எண்ணிக்கையை வைத்துச் சொன்னோம். அதிலும் சிலர் வரவில்லை.

சமையலறை அலமாரி விற்பவர்:
ஒருவர் உங்கள் விளம்பரத்தையும் பார்த்திருக்கிறார், ஒப்பந்தக்காரரும் அழைத்து வந்திருக்கிறார் என்றால், விற்பனை யார் கணக்கில் ஏறும்? சாலையோடு போகும்போது தானாகவே உள்ளே வந்திருக்கக்கூடியவரை எப்படிக் கழிப்பது?

டைல்ஸ் ஷோரூம் நடத்துபவர்:
முதலில் எங்கே கேள்விப்பட்டார், யார் அழைத்து வந்தார் என இரண்டு பத்திகளிலும் எழுதி, விற்பனையை ஒரு முறை மட்டும் கூட்டுகிறோம். எங்கள் பங்குதாரர் இதை ஏற்கவில்லை. அழைத்து வந்தவருக்கே முழுதும் சேர வேண்டும் என்கிறார். தானாக வந்திருக்கக்கூடியவரைக் கழிக்க, புதிய கடைக்கு முந்தைய மாதக் கணக்கு இல்லை. அழைப்பு எழுத்து இல்லாதவர்களைத் தனிப் பத்தியில் வைத்திருக்கிறோம். அவர்களில் சிலர் விழாவைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தவர்களாகவும் இருக்கலாம்.