100 கிராம் அரிசியா, 100 கிராம் சோறா: அட்டவணைத் தலைப்புக்கு ஒரு சொல் வேண்டும்

முத்துலட்சுமி, நாகர்கோவில்

குழுவினருக்கு வணக்கம். அரிசிக்குப் பதிலாகக் கிழங்குகளைச் சாப்பிடுவது பற்றிய சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் 100 கிராமில் எவ்வளவு மாவுச்சத்து என்று ஓர் அட்டவணை வருகிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய பட்டியலிலிருந்து எடுத்த எண்கள்: அரிசி 78.2, மரச்சீனி என்கிற மரவள்ளி 38.1, சர்க்கரைவள்ளி 28.2, சேனை 18.4. பக்கத்திலேயே 'ஆஸ் ஈட்டன்' என்ற தலைப்பில் இன்னொரு கட்டம். அதில் சோற்றுக்கு மட்டும் 28 என்று போட்டு, கிழங்குகளுக்கு இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். முதல் கட்டத்துக்குப் 'பச்சை எடை' என்றும் இரண்டாவதற்கு 'உண்ணெடை' என்றும் எழுதிவைத்திருக்கிறேன். இரண்டுமே மனதுக்கு ஒட்டவில்லை. உங்கள் கருத்து?

இரகுநாதன், கோவை

அம்மா, புதுச்சொல்லே வேண்டாம். 'உலர் எடை' என்ற சொல் வேதியியலில் எப்போதோ நிலைபெற்றுவிட்டது. எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டால் ஒரே கட்டம் போதும். அதே பட்டியலில் அரிசியின் நீர் 13.7 கிராம். மிச்சமுள்ள 86.3 கிராமில் 78.2 மாவுச்சத்து, அதாவது 100க்கு ஏறத்தாழ 91. மரவள்ளியில் நீர் 59.4, அதைக் கழித்துக் கணக்கிட்டால் 94 வருகிறது. சர்க்கரைவள்ளி 90, சேனை 86. ஆக, நான்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அரிசி உயர்வு, கிழங்கு தாழ்வு என்று நாம் பேசுவதெல்லாம் தண்ணீரின் வேலை. அறிவியல்படி நேர்மையான ஒப்பீடு இதுவே.

செல்வராஜ், ஆத்தூர்

ஐயா, எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இதே மாதிரி ஓர் அட்டவணையைப் பார்த்துத்தான் இரவில் சோற்றை நிறுத்திவிட்டுக் குச்சிக்கிழங்கு சாப்பிட ஆரம்பித்தேன். 78க்குப் பதில் 38, பாதிதானே என்று சோறு எடுக்கும் அதே தட்டு நிறையப் போட்டுக்கொள்வேன். வீட்டுக் கருவியில் பார்த்தால் சர்க்கரை இறங்கவில்லை. சில நாள் ஏறியும் இருக்கிறது. அட்டவணையே தவறா? தலைப்புக்கு எந்தப் பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம், எண்ணைச் சரியாகப் போடுங்கள்.

கமலா, திருவனந்தபுரம்

செல்வராஜ் ஐயா, எண் சரிதான். 78 என்பது கடையில் அளந்து வாங்கும் அரிசிக்கு உரியது. அதை அப்படியே யாரும் வாயில் போடுவதில்லை. மருத்துவமனைச் சமையலறையில் பல ஆண்டுகள் நான் செய்த கணக்கைச் சொல்கிறேன். 75 கிராம் அரிசி என்றால் மாவுச்சத்து 59 கிராம் அளவில் இருக்கும். கஞ்சி வடிக்காமல் குக்கரில் வைத்தால் அது 210 கிராம் சோறாக இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசிக்குள் இருந்த மாவு கூடவுமில்லை, குறையவுமில்லை, தண்ணீர்தான் ஏறியிருக்கிறது. 59ஐ 210 கிராமுக்குப் பங்கிட்டால் 100 கிராம் சோற்றில் 28.

மரவள்ளியின் கதை வேறு. மண்ணிலிருந்து எடுக்கும்போதே அதில் பாதிக்கு மேல் தண்ணீர். வேகும்போது இன்னும் கொஞ்சம்தான் ஏற்கும். அதனால் வெந்த பிறகும் 100 கிராமுக்கு 30ஐத் தாண்டியே நிற்கும். நீங்கள் சோற்றுத் தட்டு நிறைய, அதாவது 210 கிராம் கிழங்கு சாப்பிட்டால் மாவுச்சத்து 70 கிராமை ஒட்டி வந்துவிடும். பாதியாகக் குறைத்ததாக நினைத்தீர்கள், உண்மையில் கூட்டிக்கொண்டீர்கள். அந்த 59 கிராமுக்குள் நிற்க வேண்டுமானால் தோல் சீவிய பச்சைக் கிழங்கு 155 கிராம் போதும். சேனையாக இருந்தால் 320 கிராம் வரை போகலாம். ஒரே வேளையில் அவ்வளவு சேனை யாருக்கு இறங்கும் என்பது வேறு விஷயம். மருந்தின் அளவை மட்டும் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

இரகுநாதன் ஐயா சொன்ன உலர் எடை, கிழங்கை வாட்டி உலர்த்திய வற்றலுக்கும் மாவுக்கும் பொருந்தும். தட்டுக்கு முன்னால் உட்காருபவருக்கு அதனால் பயனில்லை. இன்னொன்றையும் அது மறைத்துவிடுகிறது. 75 கிராம் அரிசியில் 5 கிராம் புரதம் வருகிறது. மாவுச்சத்தில் அதற்கு ஈடான மரச்சீனியில் 1 கிராம்தான். எங்கள் ஊரில் கப்பையோடு மீன்குழம்பு வைப்பது ருசிக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள்.

தலைப்புக்கு 'வெந்த எடை' போதும் என்பேன். சமையற்காரருக்கும் புரியும்.

தவமணி, யாழ்ப்பாணம்

வணக்கம். இரண்டு இடங்களில் எனக்குத் தயக்கம் உண்டு. முதலாவது 'எடை'. எங்கள் பாடநூல்களில் கிராமில் அளப்பது திணிவு, நியூட்டனில் அளப்பது நிறை. தமிழ்நாட்டிலோ கிராமில் அளப்பதை நிறை என்கிறீர்கள், நியூட்டனில் அளப்பதை எடை என்கிறீர்கள். ஒரே சொல்லாகிய 'நிறை' கடலுக்கு இரு புறமும் வேறு பொருள் தருகிறது. ஆகவே 'வெந்த நிறை' என்று மட்டும் திருத்திவிடாதீர்கள். பேச்சில் எல்லோரும் சொல்லும் 'எடை' இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது, ஆங்கில மூலத்தில் 'யாம்' என்று இருந்ததைச் சேனை என்று மொழிபெயர்த்தீர்களா? அந்தப் பட்டியலில் யாம் என்ற பெயரில் இரண்டு வரிகள் இருந்ததாக நினைவு. எங்களுக்கு யாம் என்றதும் இராசவள்ளிதான் முதலில் மனதில் வரும். கூழாகக் காய்ச்சும் ஊதா நிறக் கிழங்கு. சேனை வேறு குடும்பம், தொண்டையை அரிப்பது.

முத்துலட்சுமி

பட்டியலை மறுபடி பார்த்தேன். தவமணி ஐயா சொன்னது உண்மை. 18.4 சேனைக்கு உரியது. கொடியில் விளையும் சாதாரண யாமுக்கு 26.0 என்று தனி வரி இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் போட்டு, இரண்டாவதை 'வள்ளிக்கிழங்கு வகை' என்று எழுதுகிறேன். அமெரிக்க வேளாண் துறையின் பட்டியலில் சர்க்கரைவள்ளிக்கு 28 இல்லை, 20தான். எதை நம்புவது?

கமலா

இரண்டையும் நம்பலாம். அமெரிக்கக் கிழங்கில் நீர் 77 கிராம், இங்கே 68.5. அது ஆரஞ்சு நிறத்தில் குழைந்துவிடும் வகை. நம் சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் வெந்தால் மாவாக உதிரும் வெள்ளைச் சதை. கட்டத்தில் ஒரே எண்ணைப் போடாமல் '20 முதல் 28 வரை' என்று எழுதுங்கள்.

வெறுமையாக இருக்கும் கட்டங்களை நிரப்ப வழி எளிது. தோல் நீக்கிய கிழங்கை நிறுத்துக்கொள்ளுங்கள். வேகவைத்துத் தண்ணீரை நன்றாக வடித்து, மறுபடி நிறுத்துப் பாருங்கள். பச்சைக் கிழங்கின் எண்ணை முதல் எடையால் பெருக்கி இரண்டாம் எடையால் வகுத்தால் வெந்த எடைக்கான எண் கிடைத்துவிடும். வடித்த நீரோடு கொஞ்சம் மாவு போகும். அது பெரிய கணக்கில்லை. மரவள்ளித் தண்ணீரை எப்படியும் கொட்டத்தான் வேண்டும். கசப்பு வகையானால் அதில் சயனைடு இறங்கியிருக்கும்.

இரகுநாதன்

வெந்த எடைக்கு நானும் இணங்குகிறேன், ஆனால் 'பச்சை எடை'யை ஏற்க மாட்டேன். 'அரிசி, பச்சை' என்று அச்சிட்டால் பத்தில் ஒன்பது பேர் பச்சரிசி என்றே படிப்பார்கள். புழுங்கல் சாப்பிடுபவர் தனக்கு இது பொருந்தாது என்று தாண்டிப்போவார். அதே பட்டியலில் புழுங்கலுக்கும் 79தான். 'சமைக்கா எடை' என்று வைக்கலாமே?

முத்துலட்சுமி

'சமைக்கும் முன்', 'வெந்த பின்' என்று இரு கட்டங்களுக்கும் போட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. அடியில் சோறு எவ்வளவு தண்ணீர் ஏற்றது என்றும் ஒரு வரி சேர்க்கிறேன். குழைந்த சோற்றுக்கும் உதிரிச் சோற்றுக்கும் அந்த 28 மாறும் அல்லவா?

தவமணி

மாறும். பழஞ்சோறாக நீரூற்றி வைத்தால் இன்னும் மாறும். எனக்குச் 'சமைத்த பின்' என்பதே பொதுவாகப் படுகிறது. நாங்கள் வத்தாளங்கிழங்கு என்னும் சர்க்கரைவள்ளியைச் சுட்டால் அதை வெந்தது என்பீர்களா? சுடும்போது நீர் ஏறாது, வெளியேறும். கட்டத்தின் எண்ணும் உயரும்.

செல்வராஜ்

கமலா அம்மாவுக்கு நன்றி. சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிட்டேன். ஒரு சந்தேகம்: எண்ணெயில் பொரித்த குச்சிக்கிழங்கு வறுவலை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?