பெரிய வீட்டுக் குழு: ஆத்தாவின் பிரஷர் மெஷின்

உமையாள்: ஆத்தாவின் பிரஷர் மெஷினில் காலையிலிருந்து E1 என்று வருகிறது. நடுவில் ஒருமுறை அளவு காட்டியது. அதில் ஓர் இதயக் குறியும் நிற்கிறது. வெள்ளிக்கிழமை கல்யாணம். என்ன செய்வது?

கண்ணப்பன்: 6 வருடத்துக்கு முன் நான் வாங்கி வந்த மெஷின். கெட்டிருக்காது.

சிகப்பி: வாங்கியது நீ. செல் மாற்றுவது யார்?

வைரவன்: இதயக் குறி எல்லாருக்கும் வரும் அயித்தை. அளக்கும்போது துடிப்புக்கு ஏற்ப மினுக்கும்.

லெட்சுமணன்: வைரவன் சொல்வது பாதி சரி. அளக்கும்போது மினுக்கும் இதயம் வெறும் துடிப்பு. பல மெஷின்களில், அளந்து முடிந்த பிறகும் அலைக் கோட்டோடு நிற்கும் இதயம் வேறு. துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி ஒழுங்காக இல்லை என்று அது சொல்கிறது. உமையாள், எது? படம் அனுப்பு.

உமையாள்: [படம்] 158/92. நிற்கிறது. பக்கத்தில் அலை போல ஒரு கோடும் இருக்கிறது.

லெட்சுமணன்: முதலில் E1-ஐப் பார்ப்போம். இந்த எண்ணின் பொருள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கைப்புத்தகம் இருக்கிறதா?

உமையாள்: பெட்டகத்தில் இருந்தது. “குழாய் சரியாகச் செருகவில்லை, பட்டை சரியாகச் சுற்றவில்லை அல்லது காற்றுக் கசிவு” என்று போட்டிருக்கிறது.

சிகப்பி: எந்தப் பெட்டகம்? என் பங்குக்கு வர வேண்டியதா?

கண்ணப்பன்: ஆச்சி, இப்போது வேண்டாம்.

லெட்சுமணன்: மோட்டார் சத்தம் எப்படி?

உமையாள்: இழுத்து இழுத்து ஓடுகிறது. செல் நல்ல செல்தான். சுவர்க் கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருந்ததை எடுத்துப் போட்டேன்.

லெட்சுமணன்: அங்கேதான் கோளாறு. கடிகாரத்துக்கு வேண்டிய மின்சாரம் மிகக் கொஞ்சம். சாகப்போகும் செல்லிலும் அது ஓடும். பட்டையை ஊதும் மோட்டாருக்கு அது போதாது. திரையில் எழுத்து தெரிகிறது என்பதால் செல் நன்றாக இருக்கிறது என்று நினைக்காதே. புதிய அல்கலைன் நான்கு வாங்கி, நான்கையும் சேர்த்து மாற்று. பழையதோடு புதியதைக் கலக்காதே. செல் இருக்கும் இடத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்றும் பார்.

சிகப்பி: என் சர்க்கரை மெஷினும் நேற்று 212 காட்டியது. அதற்கும் செல்தானா?

வைரவன்: அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள்?

சிகப்பி: கந்தரப்பம் ருசி பார்த்தேன். சமையல்காரர் வெல்லம் குறைத்திருக்கிறார்.

கண்ணப்பன்: குறைத்தாரா? நான் பேசுகிறேன்.

உமையாள்: புது செல் போட்டேன். E1 போய்விட்டது. ஆனால் ஊதும்போது பட்டையின் ஒட்டுப் பகுதி சரசரவென்று பிரிகிறது. இறுக்கிச் சுற்றிய பிறகு நின்றது.

லெட்சுமணன்: அப்படியானால் பட்டை தேய்ந்துவிட்டது. அதை மட்டும் தனியாக வாங்கலாம், ஆனால் அதே மாடலுக்குரியதாக, கைச் சுற்றளவுக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். சின்னப் பட்டை பிரஷரைக் கூட்டிக் காட்டும். இப்போது ஆத்தாவை ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரச் சொல். பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை அள.

உமையாள்: பேசாமல் ஆத்தாவா!

உமையாள்: 152/88, 138/80, 160/92. மூன்றிலும் இதயக் குறி.

கண்ணப்பன்: மூன்றும் மூன்று விதம். மெஷின் போய்விட்டது. புதிதாக வாங்கி அனுப்புகிறேன், பிரச்சினை தீர்ந்தது.

லெட்சுமணன்: அண்ணே, அவசரப்பட வேண்டாம். கை அசைந்தாலும் அந்தக் குறி வரும். ஒருமுறை வந்தால் விட்டுவிடலாம். அசையாமல் இருந்தும் மூன்று முறை வந்திருக்கிறது. துடிப்பு தாறுமாறாக இருந்தால் நல்ல மெஷினிலும் எண்கள் இப்படி ஏறி இறங்கும். புது மெஷினும் இதையேதான் காட்டும். உமையாள், மணிக்கட்டில் விரல் வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணு.

உமையாள்: 94. இரண்டு மூன்று வேகமாக ஓடுகிறது, பிறகு ஒன்று தாமதம். தாளமே இல்லை.

லெட்சுமணன்: இன்றைக்கே காரைக்குடிக்கு அழைத்துப் போய் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். என்ன தாளம் என்று அதுதான் சொல்லும், மெஷின் சொல்லாது. சில வகைத் துடிப்புக் கோளாறில் இதயத்துக்குள் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். அதனால் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளாதீர்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், வாய் கோணுவது, ஏதாவது வந்தால் உடனே 108.

கண்ணப்பன்: மாலை பந்தல்காரர் வருகிறார்.

சிகப்பி: ஆத்தா பெரியதா, பந்தல் பெரியதா?

வைரவன்: நான் கார் எடுத்து வருகிறேன். மெஷினையும் கொண்டுவரட்டுமா மாமா?

லெட்சுமணன்: கொண்டுவா. டாக்டரின் கருவியோடு அதே கையில் மாற்றி மாற்றி அளந்து பார்க்கச் சொல்லலாம். சராசரி 10-க்கு மேல் விலகினால் புதியது வாங்க வேண்டியதுதான். ஆனால் துடிப்பு இப்படி இருக்கும்போது அந்த ஒப்பீட்டையும் முழுதாக நம்ப முடியாது. டாக்டர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.

கண்ணப்பன்: எதற்கும் புதியதற்கு ஆர்டர் போட்டுவிட்டேன்.

உமையாள்: கைச் சுற்றளவு கேட்டீர்களா அண்ணே?

சிகப்பி: பழையதை எனக்குக் கொடுங்கள். பெட்டகத்தோடு.