நாடகத்தைப் படமாக்கும்போது 'களவிரிப்பு' என்று சொல்லலாமா?

நல்லூரிலிருந்து:
வணக்கம். எங்கள் மேடை நாடகம் ஒன்றைக் குறும்படமாக எழுதுகிறேன். 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாண இடப்பெயர்வு நடந்த இரவு. ஊரே மழைக்குள் வெளிக்கிட்டுப் போகிறது, தாய் மட்டும் வீட்டை விட்டு வர மறுக்கிறார். நாடகம் முழுக்க ஒரே விறாந்தை. அதைப் பல இடங்களுக்கு விரித்து எழுதுவதை ஆங்கிலத்தில் 'ஓப்பனிங் அப்' என்பார்கள். 'களவிரிப்பு' பொருந்துமா?

பருத்தித்துறையிலிருந்து:
வெளிப்புறப் படப்பிடிப்பு என்ற சொல் இருக்கிறதே அண்ணை?

கொக்குவிலிலிருந்து:
தம்பி, அது கமரா எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லும். இது எழுத்து வேலை. விறாந்தையை விட்டுக் குசினிக்குள் போனாலும் விரித்தல்தான்.
நல்லூர்க்காரருக்கு ஒன்று: நாவற்குழிப் பாலத்துச் சனத்தைக் காட்ட ஆசை வரும். காட்டாதீர்கள். தாய் போவாரா என்பதுதான் கதை. அவருக்கு முன்னாலேயே நாங்கள் பாலத்துக்குப் போய்விட்டால் அந்தத் தவிப்பு அறுந்துவிடும். அவர் போகக்கூடிய தூரத்துக்குள் விரியுங்கள்: கிணற்றடி, மாட்டுக்கொட்டில், படலை. படலை இடுக்கால் ஒழுங்கையில் போகும் கால்களும் சைக்கிள்களும் தெரிந்தால் போதும். அவர் மாட்டை அவிழ்த்துவிடட்டும். எழுதிய காட்சியைத் திரும்ப விறாந்தையில் வைத்துப் பாருங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் இடம் மாறியிருக்கிறது, விரியவில்லை.

நல்லூரிலிருந்து:
தாயின் நாலு நிமிடப் பேச்சை என்ன செய்வது?

கொக்குவிலிலிருந்து:
படம் காட்டப்போகும் வரிகளையும், பார்ப்பவருக்கு முதலே தெரிந்த வரிகளையும் அடியுங்கள். மகனை அசைக்கிற வரிகளை மட்டும் விடுங்கள், ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். அப்புறம் மகனின் பதில்களைத் திரும்ப வாசியுங்கள். தகப்பனின் கடனைப் பற்றிய வரியை வெட்டிவிட்டு, "கடனை ஏன் இப்ப இழுக்கிறியள்?" என்ற பதிலை விட்டிருப்போம். வெட்டும்போது கூடுதலாக நடக்கிற பிழை இதுதான்.

மானிப்பாயிலிருந்து:
எங்கள் கூத்தைப் படமாக்கியபோது ஒப்பாரியில் இப்படித்தான் வரி வரியாகக் குறைத்தோம். காட்சியே செத்துப்போனது. சந்தம் உடைந்துவிட்டது.

கொக்குவிலிலிருந்து:
உண்மை, பாட்டுக்கு இந்த வழி சரிவராது. முழு அடியாகத்தான் எடுக்கவேண்டும். பேச்சு வழக்கில் ஓடும் வசனத்துக்குத்தான் நான் சொன்னது.
சொல்லுக்கு வருவோம். 'களவிரிப்பு' என்றால் காதில் முதலில் 'களவு' விழுகிறது. பிரித்து எழுதினாலும் வாய் சேர்த்துத்தான் சொல்லும். 'களம் விரித்தல்' என்று மகரத்தோடு சொன்னால் அந்தக் குழப்பம் இல்லை.

பருத்தித்துறையிலிருந்து:
அப்போ பேச்சைக் குறைப்பதற்கு 'உரைச்சுருக்கம்'?

கொக்குவிலிலிருந்து:
சுருக்கம் என்றால் அதே விஷயத்தைக் குறைந்த சொல்லில் சொல்வது. இங்கே சொல்வதையே விட்டுவிடுகிறோம். 'வசனக் கவாத்து' என்று நினைக்கிறேன். தேவையில்லாத கொப்புகளை வெட்டுவது, மரம் நிற்கும்.

மானிப்பாயிலிருந்து:
கவாத்து என்றால் எனக்குத் தேயிலைதான் ஞாபகம் வருகிறது. இங்கே நாங்கள் கொப்பு வெட்டுதல் என்றுதானே சொல்வோம்?

நல்லூரிலிருந்து:
'களம் விரித்தல்' சரி, எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கு இப்போதைக்கு 'வசனம் வெட்டுதல்' என்றே எழுதிவைக்கிறேன். இன்னும் யோசியுங்கள்.