புதுப்பிப்பு: உயரத்தில் 3 செ.மீ. தவறினால் பிஎம்ஐ

“கொழிஞ்சாம்பாறை முகாமில் அம்மாவின் உயரம் 160 செ.மீ., வீட்டில் 157. எடை 62 கிலோ. எடை உயரத்துக்கு ஏற்றதா என்று காட்டும் பிஎம்ஐ பெரிதாக மாறுமா?”

மாறுகிறது. 62-ஐ 1.60 × 1.60-ஆல் வகுத்தால் 24.2, 1.57 × 1.57-ஆல் வகுத்தால் 25.2. அதிக எடை தொடங்கும் 25 என்ற எல்லைக்கோட்டையே தாண்டிவிட்டது.

“உயரத்துல 2 சதவீதம்தானே பிழை, பிஎம்ஐயிலயும் அவ்வளவுதான்” என்றார் மாமா. பாதி சரி. உயரம் இருமுறை பெருக்கப்படுவதால் பிழையும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. எடையை 2.3 கிலோ குறைத்து எழுதியதற்குச் சமம்!

நர்ஸ் அக்கா முதலில் கேட்டது, “கொண்டையும் செருப்பும் இருந்துச்சா?” இருந்தன. கொண்டையை அவிழ்த்து, வெறுங்காலில் குதிகால் சுவரில் பட நிறுத்தி இருமுறை அளந்தார்: 157, 157.2.

பக்கத்து வீட்டுப் பாட்டி, “எனக்கு முதுகே வளைஞ்சிருக்கே, எந்த உயரத்தைப் போடுவே?” என்றார். அக்கா பதில் சொல்லத் தயங்கினார்.