உடை திருத்தும் கடைக்கு இரு மொழியில் ஒரு வரி: படிப்பவர்கள் வேறு எதையோ புரிந்துகொள்கிறார்கள்

நூல்கண்டு

வணக்கம். நானும் என் தங்கையும் உடை திருத்தும் கடை நடத்துகிறோம். புதிதாக எதையும் தைப்பதில்லை. வாங்கிய சட்டை தொளதொளவென்று இருந்தால் பிடித்துத் தைப்போம், கால்சட்டையின் நீளம் குறைப்போம், கிழிசல் தைப்போம், ஜிப் மாற்றுவோம். பலகையில் கடையின் பெயருக்குக் கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு வரி வேண்டும். முதலில் ஆங்கிலத்தில் எழுதினோம்:

```
Your perfect fit, our passion
```

அதைத் தமிழாக்கி, “உங்கள் கச்சிதமான பொருத்தம், எங்கள் பேரார்வம்” என்று வைத்தோம். மாதிரியை வாசலில் ஒட்டி ஒரு வாரம் ஆகிறது. திருமணத் தகவல் மையமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இன்னும் சிலர் புதுத் துணியோடு வந்து, அளவெடுத்துத் தைத்துத் தரச் சொன்னார்கள். திருப்பி அனுப்புவதற்கு மனம் கஷ்டப்படுகிறது. எங்கே தவறு?

எதுகைப்பிரியன்

வரி நீளம். மூன்று சொல்லுக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். “அளவும் அழகும்” என்று வையுங்கள். மோனை இருப்பதால் மனத்தில் நிற்கும். ஆங்கிலத்திலும் சொல்லுக்குச் சொல் அதுவே இருக்கட்டும். இரண்டும் வெவ்வேறாக இருந்தால் இரண்டு கடை என்று நினைப்பார்கள்.

சக்கரம்

சகோதரி, என் கதையும் இதுதான். நான் மிதிவண்டி பழுது பார்க்கிறேன். “உங்கள் பயணத் தோழன்” என்று ஆசையாக எழுதி வைத்தேன். பஸ் டிக்கெட் கிடைக்குமா என்று கேட்டு வந்தார்கள். பிறகு அதை அழித்துவிட்டு, “பஞ்சர் ஒட்ட, பிரேக் சரிசெய்ய, செயின் மாற்ற” என்று எழுதினேன். அதன் பிறகு யாரும் டிக்கெட் கேட்கவில்லை.

பலகைக்காரர்

பல ஆண்டுகளாகப் பெயர்ப்பலகை எழுதுகிறேன். சக்கரம் சொன்னதில்தான் விடை இருக்கிறது.

உங்கள் ஆங்கில வரியில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதே இல்லை. செருப்புக் கடையும் கண்ணாடிக் கடையும் அதே வரியை வைத்துக்கொள்ளலாம். அதைத் தமிழாக்கியபோது இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. தமிழில் ‘பொருத்தம்’ என்று தனியாக நின்றால் முதலில் கல்யாணப் பொருத்தம்தான் நினைவுக்கு வரும். அளவைச் சொல்ல வேண்டுமானால் ‘அளவு’ என்றே சொல்லலாம்.

எந்த வரியையும் நான் ஒரே கேள்வியால் சோதிப்பேன்: இதைப் படித்தவர் கையில் எதை எடுத்துக்கொண்டு வருவார்? கடையின் பெயரை மறைத்துவிட்டு, உங்கள் தொழில் தெரியாத ஐந்து பேரிடம் வரியை மட்டும் காட்டிக் கேளுங்கள். ‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். என்ன கொண்டு வருவார்கள் என்று கேளுங்கள்.

எதுகைப்பிரியன் நண்பரே, சுருக்கம் வேண்டும் என்பது சரி. ஆனால் “அளவும் அழகும்” என்பதைப் படித்தவர் புதுத் துணியோடுதான் வருவார். சொல்லுக்குச் சொல் ஒத்திருக்க வேண்டியதும் இல்லை. இரண்டு வரியும் ஒரே வேலையைச் சொன்னால் போதும். ஒன்றிலிருந்து மற்றொன்றை மொழிபெயர்க்காமல், கடையில் நடக்கும் வேலையைப் பார்த்து ஒவ்வொன்றையும் தனியாக எழுத வேண்டும்.

நூல்கண்டு, ஒன்று சொல்லுங்கள். பத்துப் பேர் வந்தால் அதிகம் கேட்கும் வேலை எது?

நூல்கண்டு

ஏழு பேருக்கு நீளமோ இடுப்போ குறைக்க வேண்டும். மற்றவர்களுக்குக் கிழிசல் அல்லது ஜிப். இறுக்கமான உடையைப் பெரிதாக்கக் கேட்பவர்களும் உண்டு. ஆனால் தையலுக்கு உள்ளே துணி விட்டிருந்தால்தான் பிரித்துவிட முடியும். பல ஆயத்த ஆடைகளில் விரல் நுனி அளவுகூட இருப்பதில்லை.

நேற்று இரவு மூன்று வரிகள் எழுதினோம்:

“பழைய துணிகளைப் புதுப்பிக்கிறோம்”
“உடைகளைப் பழுது பார்க்கிறோம்”
“உங்கள் உடையை உங்கள் அளவுக்குத் திருத்தித் தருகிறோம்”

பலகைக்காரர்

முதல் வரியைப் படித்தவர் மூட்டை கட்டிக்கொண்டு வருவார். பழைய துணி வாங்கும் இடம் என்று நினைக்க வாய்ப்பு அதிகம். சாயம் போடும் கடை என்றும் கொள்ளலாம். இரண்டாவதில் ‘பழுது’ இயந்திரத்துக்குப் பொருந்துகிற சொல். உடையைப் பொறுத்தவரை கிழிசல் தைப்பது என்றுதானே வீட்டில் சொல்கிறோம்?

மூன்றாவது உண்மையைச் சொல்கிறது, ஆனால் பலகைக்கு அகலம். ‘திருத்தித் தருகிறோம்’ மட்டுமே பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். ‘உங்கள்’ இரண்டு முறை வருகிறது. கடைக்கு வருபவர் தன் உடையைத்தானே கொண்டு வருவார்? ‘எந்த அளவுக்கும்’ என்று ஆசைப்பட்டு எழுதாமல் விட்டது நல்லது. உள்ளே துணி இல்லாத சட்டையோடு வருபவரிடம் அந்த வாக்குறுதிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சக்கரம் எழுதியதைப் பாருங்கள். ஒட்ட, சரிசெய்ய, மாற்ற. வருபவரின் தேவையே சொல்லாக நிற்கிறது. ‘தருகிறோம்’ தேவையில்லை; பலகை மாட்டியிருப்பதே அதைச் சொல்லிவிடும். அந்த வழியில்:

உடை அளவு குறைக்க, கிழிசல் தைக்க, ஜிப் மாற்ற

‘உடை’ முதலில் நிற்கிறது, ‘துணி’ என்ற சொல் இல்லை. துணி என்றால் தைக்காததும் அடங்கும். புதுத் துணியோடு வருபவர்கள் குறைவார்கள். அதிகம் கேட்கும் வேலையே முதல் வேலையாக வருகிறது. ‘குறைக்க’, ‘தைக்க’ என்று ஓசையும் தானாக அமைந்துவிட்டது. பெரிதாக்குவதைக் கடைக்குள் விலைப்பட்டியலில், ‘உள்ளே துணி இருந்தால்’ என்ற குறிப்போடு எழுதுங்கள்.

ஆங்கிலத்துக்கு இரண்டு வழிகள்:

```
Clothes taken in, mended, zips replaced
Clothing alterations and repairs
```

முதலாவது தமிழ் வரிக்கு நெருக்கம். ஆனால் ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்களுக்கு அதன் முதல் மூன்று சொற்கள் புரியாமல் போகலாம். இரண்டாவது உயிரோட்டம் குறைந்தது என்றாலும், தேடுபவர்கள் கைபேசியில் தட்டச்சு செய்யும் சொல் அதில்தான் இருக்கிறது.

எதுகைப்பிரியன்

ஓசை தானாக அமைந்தது எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்று: பேச்சில் எல்லோரும் ‘ஆல்ட்டரேஷன்’ என்றுதானே சொல்கிறார்கள்? தமிழ் வரியிலும் “உடை ஆல்ட்டரேஷன்” என்று போட்டால் இரண்டே சொல்லில் முடிந்துவிடுமே?

பலகைக்காரர்

முடியும், தவறும் இல்லை. ஆனால் கீழே ஆங்கில வரியில் அதே சொல் இருக்கும்போது, தமிழ் வரி புதிதாக எதையும் சொல்லாது. கிழிசலோடு நிற்பவருக்கும் தனக்கான இடம் இது என்று தெரியாது. பலகையில் ஒரு மொழிக்கு மட்டும் இடம் இருந்தால் நானே அந்தச் சொல்லைத்தான் எழுதுவேன்.

சக்கரம்

எனக்கு ‘ஆல்ட்டரேஷன்’தான் பளிச்சென்று தெரிகிறது. தூரத்திலிருந்து படிக்கும்போது மூன்று வேலைகளும் கண்ணில் விழுமா என்பது சந்தேகம்.

நூல்கண்டு

ஐந்து பேரிடம் புதுத் தமிழ் வரியைக் காட்டினோம். நான்கு பேர் ‘பெரிதாக இருக்கிற சட்டை’, ‘ஜிப் போன பை’ என்று சொன்னார்கள். பை! அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. தங்கை பைகளுக்கும் ஜிப் மாற்றலாம் என்கிறாள். தடித்த தோல் பையை எங்கள் இயந்திரம் தைக்காது என்பது என் கவலை. ஐந்தாமவர் புதுச் சட்டை தைப்பீர்களா என்று கேட்டார்.

ஆங்கிலத்தில் இரண்டாவது வரியை எடுத்துக்கொண்டோம். ‘ஜிப் மாற்ற’ என்பதை முன்னால் கொண்டுபோனால் பையோடு வருபவர்கள் கூடிவிடுவார்களா, ஐயா? பலகை நாளை மறுநாள் எழுதப்போகிறார்கள்.

பலகைக்காரர்

முன்னால் கொண்டுபோகாதீர்கள். ‘உடை’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘அளவு குறைக்க’ இருக்கட்டும். பை பற்றி முடிவு செய்யும்வரை கடைசியிலேயே ஜிப் இருக்கட்டும். எழுதுபவரிடம் தமிழ் வரியைத் தாளில் கையால் எழுதிக் கொடுக்காமல், தட்டச்சு செய்து அனுப்புங்கள். ‘கிழிசல்’ என்பதில் ழகரம் ளகரமாகிப் போன பலகை ஒன்றை நானே அழித்து எழுதியிருக்கிறேன்.