ஜூலையில் சாம்பார் பொடி சரிந்துவிட்டது: விலையைக் குறைக்கலாமா?

மதுரை மேலாளர்:
ஒரு நடுத்தர மசாலா நிறுவனத்தில் வேலை. எங்கள் பில் கணக்குப்படி திண்டுக்கல் விநியோகஸ்தருக்கு 100 கிராம் சாம்பார் பொடி ஜூனில் 620 பெட்டி போனது. ஜூலையில் 260 தான். போட்டி நிறுவனம் பன்னிரண்டுக்கு ஒன்று இலவசம் தருகிறது என்று சேல்ஸ்மேன்கள் ஒரே குரலில் சொல்கிறார்கள். பாக்கெட்டுக்கு 2 ரூபாய் குறைத்துவிடுவோம் என்கிறார் முதலாளி. திங்கட்கிழமைக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். எதை வைத்து முடிவு செய்வது?

ஆய்வுக்காரன்:
வாடிக்கையாளரிடம் கேட்காமல் விலையைத் தொடவே கூடாது. வீடு வீடாக 300 பெண்களிடம் கேளுங்கள்: ருசி பிடிக்கவில்லையா, விலை அதிகமா என்று. மற்றதெல்லாம் ஊகம்.

பழைய ஏரியா மேலாளர்:
தம்பி சொல்வது தவறில்லை, ஆனால் அது இப்போதைய வேலை அல்ல. 620 என்பது விநியோகஸ்தரின் குடோனுக்குள் போனது; கடைக்குப் போனது எவ்வளவு? ஜூன் காலாண்டு முடிவு. இலக்கை எட்டச் சரக்கை அவர் தலையில் கட்டியிருப்பீர்கள். மாத ஆரம்ப இருப்பு, வாங்கியது, மாதக் கடைசி இருப்பு மூன்றையும் போடுங்கள். இருப்பை போனில் கேட்காதீர்கள். யாராவது போய் எண்ணட்டும். திரும்பி வந்த சரக்கையும் இலவசமாகக் கொடுத்ததையும் தனியாக வையுங்கள்.

மதுரை மேலாளர்:
நன்றி சார். ஆள் அனுப்பி எண்ணினோம். ஜூன்: ஆரம்பம் 210, வாங்கியது 620, கடைசி 430. ஜூலை: ஆரம்பம் 430, வாங்கியது 260, கடைசி 330. திரும்பியது எதுவும் இல்லை.

பழைய ஏரியா மேலாளர்:
அப்படியானால் கடைகளுக்குப் போனது ஜூனில் 400, ஜூலையில் 360. உங்கள் பில்லில் பாதிக்கு மேல் விழுந்ததாகத் தெரிவது கடையில் பத்தில் ஒரு பங்குதான். அந்தப் பத்தில் ஒரு பங்கையும் பிரியுங்கள்: பில் போட்ட கடைகள் குறைந்தனவா, ஒரு கடை வாங்கும் அளவு குறைந்ததா? போட்டியாளர் அடித்தால் இரண்டாவது குறையும். முதலாவது குறைந்தால், நம் ஆள் கடைக்கே போகவில்லை.

கணக்குப் பிரிவு:
எங்களுக்கும் இப்படித்தான் ஒரு சரிவு வந்தது. விசாரித்தால், 100 கிராமை 90 ஆக்கியபோது பொருள் குறியீட்டை மாற்றியிருக்கிறார்கள். பழைய குறியீட்டில் விற்பனை பூஜ்யம். உங்கள் எக்செலில் இரண்டு குறியீட்டையும் கூட்டுகிறீர்களா?

```
=SUMIFS(D:D,A:A,"SP100")+SUMIFS(D:D,A:A,"SP90")
```

மதுரை மேலாளர்:
எங்கள் குறியீடு மாறவில்லை ஐயா, இருந்தாலும் பார்த்துவிட்டேன். கடைக் கணக்கு இது: ஜூனில் 320 கடை, ஜூலையில் 285. ஒரு கடைக்குச் சராசரி 1.25 பெட்டி, ஜூலையில் 1.26. குறைந்தவற்றில் பெரும்பாலானவை ஒட்டன்சத்திரம் லைன். அங்கே சேல்ஸ்மேன் வேலையை விட்டுப் போயிருக்கிறார். விநியோகஸ்தர் மாற்று ஆள் போடவே இல்லை. எங்களுக்குச் சொல்லவும் இல்லை!

பழைய ஏரியா மேலாளர்:
சொல்லமாட்டார்; சம்பளம் மிச்சம். இப்போது அந்த 2 ரூபாயைப் பாருங்கள். பாக்கெட்டில் உங்களுக்கு நிற்பது எவ்வளவு?

மதுரை மேலாளர்:
சுமார் 10 ரூபாய். பெட்டிக்கு 60 பாக்கெட்.

பழைய ஏரியா மேலாளர்:
10 ரூபாய் 8 ஆகிவிடும். அதே லாபம் நிற்க, 400 விற்ற இடத்தில் 500 விற்க வேண்டும். குடோனில் கிடக்கும் 330 பெட்டிக்கு விநியோகஸ்தர் விலை வித்தியாசம் கேட்பார். அதுவே 39,600 ரூபாய். ஆள் இல்லாத லைனில் விலை குறைந்தது யாருக்குத் தெரியும்? முதலாளியிடம் இந்த இரண்டு எண்ணை மட்டும் காட்டுங்கள்.

ஆய்வுக்காரன்:
அப்படியானால் சேல்ஸ்மேன்கள் சொன்னது பொய்யா?

பழைய ஏரியா மேலாளர்:
பொய் என்று தள்ளாதீர்கள். இலக்கு தவறும் மாதத்தில் வரும் செய்தி என்பதால் ஆதாரம் கேளுங்கள்: எந்தக் கடை, எந்தத் தேதி, அந்த ஆஃபர் போட்ட பில்லின் படம். மூன்று ஊரிலிருந்து படம் வந்தால் செய்தி; வராவிட்டால் சாக்கு.

மதுரை மேலாளர்:
படம் பழனியிலிருந்து மட்டும் வந்தது. அந்த லைனில் கடைச் சராசரி 1.4 இலிருந்து 1.1 ஆகியிருக்கிறது. மற்ற இடங்களில் சற்று ஏறியதால் மொத்தத்தில் தெரியவில்லை. விலைக் குறைப்பை நிறுத்திவைக்கச் சொல்லி எழுதிவிட்டேன். ஒட்டன்சத்திரத்துக்கு ஆள் போடுகிறோம். பழனிக்கு மட்டும் நாமும் ஸ்கீம் போடலாமா?

கணக்குப் பிரிவு:
போடாதீர்கள். பழனியில் மலிவாகக் கிடைத்தால் மொத்தக் கடைக்காரர் அங்கே வாங்கி உடுமலைப்பேட்டையில் விற்பார்.

பழைய ஏரியா மேலாளர்:
அது நடக்கும். ஆனால் சில்லறைக் கடைக்கு மட்டும், கடைக்கு ஒரு பெட்டி என்று கட்டினால் கசிவு குறையும். ஒரு மாதம் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

ஆய்வுக்காரன்:
பழனியில் கடைக்காரர் நம்மைக் குறைத்தது ஆஃபருக்காகவா, பெண்கள் வேறு பொடி கேட்டதாலா? இதற்காவது நாற்பது கடையில் நின்று கேட்டுவிட்டு ஸ்கீம் போடுங்கள்.

மதுரை மேலாளர்:
வியாழக்கிழமை பழனி போகிறேன். கேள்விகளை எழுதி அனுப்புங்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம், கடைக்காரர் நிற்கமாட்டார்.