கலைச்சொல்: ஆயில் 'பால்' ஆவதற்கும் வெள்ளைப் புகைக்கும் என்ன பெயர் வைப்பது?

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நீரால் குளிரும் எஞ்சின்களின் பழுதுபார்ப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் போனதைக் காட்டும் அறிகுறிகள் என்ற பகுதியில் இரண்டு இடங்களில் நிற்கிறேன். ஒன்று, ஆயில் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தால் ஆயில் பால் கலந்ததுபோல வெளிறி இருப்பது. இன்னொன்று, சைலன்சரில் வெள்ளையாகப் புகை வருவது. முதலாவதற்குப் 'பால்மமான எண்ணெய்' என்றும் இரண்டாவதற்கு 'வெண்புகை' என்றும் எழுதி வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்தால் உயிரில்லை. பட்டறையில் இருப்பவர்களுக்கும் புரிகிற சொல் வேண்டும்.

இளங்கோ எழுதியது:

கயல், பால்மம் நல்ல சொல்தான், பாடநூல்களிலேயே இருக்கிறது. ஆனால் இங்கே இரண்டு சொல் எதற்கு? ஆயில் பால் ஆனாலே கேஸ்கட் போய்விட்டது என்றுதான் பொருள். புகையும் கூடவே வரும். ஹெட் கேஸ்கட்டுக்குத் 'தலையடை' என்று வைத்துவிட்டு, இந்த இரண்டையும் சேர்த்துத் 'தலையடை முறிவுக்குறி' என்று ஒரே சொல்லாக ஆக்கிவிடலாம்.

இன்னொன்று. அந்த வெள்ளை, புகையே அல்ல. தண்ணீர் கொதித்து வருகிற ஆவி. புகை என்று எழுதினால் இயற்பியல் தவறு. 'வெண்ணாவி' என்றே எழுதுங்கள்.

ரஹீம் எழுதியது:

எனக்கு ஒன்று புரியவில்லை. ஆயில் பால் மாதிரி இருந்தால் அது நல்லதுதானே? நான் லேத்தில் 20 வருடமாக வேலை செய்கிறேன். கட்டிங் ஆயிலைத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கினால் வெள்ளை வெளேரென்று பால் மாதிரி ஆகும். அப்படி ஆகாமல் பிரிந்து நின்றால்தான் எங்களுக்குக் கவலை. அதற்கு நாங்கள் 'பால் தண்ணி' என்போம். அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாமே.

கயல்விழி எழுதியது:

ரஹீம் பாய், நான் கேட்டது எஞ்சினுக்குள் ஓடுகிற ஆயிலை. அங்கே தண்ணீர் சேரவே கூடாது. ஆனால் நீங்கள் சொன்னதில் ஒன்று கிடைத்தது. உங்களுடையது தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள். எஞ்சினில் நடப்பது எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளிகள். இரண்டும் பால்மம்தான். ஆக, பால்மம் என்ற சொல் மட்டும் எது எதில் கலந்தது என்று சொல்லாது.

ஸ்டெல்லா எழுதியது:

சொல் விவாதத்தில் என் கதையைச் சொல்வதற்கு மன்னியுங்கள், எனக்கு இது நடந்துகொண்டே இருக்கிறது. என் காரில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெண்ணெய் தடவியது மாதிரி மஞ்சளாகப் பசைபோல ஒட்டியிருக்கிறது. காலையில் சைலன்சரில் வெள்ளையாகவும் வருகிறது. காட்டிய இடத்தில் ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும் என்கிறார்கள். இளங்கோ ஐயா சொல்வதைப் பார்த்தால் அதுதான் என்று தோன்றுகிறது. எஞ்சின் சூடேறியதே இல்லை. தினமும் பத்து நிமிடம் போய் வருவேன், அவ்வளவுதான்.

மாணிக்கம் எழுதியது:

ஸ்டெல்லாம்மா, அவசரப்பட்டு ஹெட்டைத் தொட விடாதீர்கள். முதலில் அளவுக்கம்பியை உருவி, அதில் ஒட்டிய ஆயில் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். மூடியில் இருப்பது வேறு, கம்பியில் இருப்பது வேறு.

எரிபொருள் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் ஆவியாகப் பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கும். எஞ்சின் நன்றாகச் சுட்டால் அந்த ஆவி காற்றோடு வெளியேறிவிடும். பத்து நிமிட ஓட்டத்தில் டேஷ்போர்டு முள் நடுவுக்கு வந்துவிடும், ஆனால் ஆயில் இன்னும் சுட்டிருக்காது. ஆவி போய் மிகக் குளிர்ந்த இடத்தில் படியும். பல எஞ்சின்களில் அந்த மூடிதான் அந்த இடம். அங்கே ஆயில் பசையோடு சேர்ந்து வெண்ணெயாகிறது. காலையில் சைலன்சரில் வரும் வெள்ளையும் குழாயில் இரவு தங்கிய ஈரமாக இருக்கலாம்.

இப்படிச் செய்யுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் தொட்டியில் மட்டம் நிற்கும் இடத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். மூடியைத் துணியால் சுத்தமாகத் துடையுங்கள். ஒரே ஓட்டமாக முக்கால் மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டுங்கள். மறுநாள் ஆறின பிறகு இரண்டையும் பாருங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

இளங்கோ தம்பிக்கு: ஆயில் பால் ஆனால் கேஸ்கட் மட்டும்தான் என்று எழுதாதீர்கள். ஆயில் கூலர் உள்ளே பிய்ந்தாலும், ஹெட்டில் வெடிப்பு விட்டாலும் அதே பால்தான். இரண்டு குறியும் சேர்ந்துதான் வரும் என்பதும் சரியல்ல. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு நிமிடம் குலுங்கும், பின்னால் வெள்ளையாகக் கொட்டும். சுட்ட பிறகும் அந்த வெள்ளை முழுவதும் நிற்கவில்லை, இனிப்பு வாடை அடித்தது. தொட்டியில் கூலன்ட் ஒரு வாரத்தில் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு வந்துவிடுகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை. கம்பியை உருவினால் ஆயில் தேன் மாதிரித் தெளிவு. பால் என்பதே இல்லை.

ஆறின எஞ்சினில் ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் போட்டிருந்த 1.1 பார் அழுத்தம் ஏற்றி ராத்திரி விட்டோம். காலையில் முள் இறங்கியிருந்தது. ஸ்டார்ட்டரைத் தொடவில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்குகளைக் கழற்றினோம். மூன்று பிளக்கில் வழக்கமான பழுப்பு. மூன்றாம் சிலிண்டர் பிளக் மட்டும் கழுவித் துடைத்ததுபோலப் பளிச்சென்று இருந்தது. துளையில் லைட் அடித்தால் பிஸ்டன் தலையில் பச்சைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஹெட்டை எடுத்தபோது கேஸ்கட்டில் மூன்றாம் சிலிண்டர் வளையத்துக்கும் தண்ணீர்த் துளைக்கும் நடுவே அரித்து ஒரு வாய்க்கால் ஓடியிருந்தது. ஆயில் போகும் துளைப் பக்கம் ஒன்றுமே இல்லை. அதனால்தான் ஆயில் தெளிவாக இருந்தது.

கேஸ்கட் எந்த இரண்டு துளைகளுக்கு நடுவே விடுகிறதோ, அதற்கேற்ற குறிதான் வரும். அதனால் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

இளங்கோ எழுதியது:

மாணிக்கம் ஐயா, ஒப்புக்கொள்கிறேன். சொல்லுக்குள் காரணத்தைத் திணிக்கக் கூடாது. ஆனால் ஒரு சந்தேகம். ஓடும்போது ஆயில் அழுத்தம் 3 பாருக்குப் பக்கம் இருக்கும், கூலன்ட் 1 பார்தான். அப்படியென்றால் ஆயில்தானே தண்ணீருக்குள் போக வேண்டும்? ஆயில் எப்படிப் பால் ஆகிறது?

மாணிக்கம் எழுதியது:

நல்ல கேள்வி. அழுத்தத்தில் போகிற ஆயில் வழியோடு கலந்தால், ஓடும்போது ஆயில் கூலன்டுக்குள் போகும். கூலன்ட் தொட்டியில் பழுப்பாகப் பசை மிதப்பது அப்படித்தான். எஞ்சினை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் உடனே பூஜ்யம், கூலன்டில் மட்டும் சூடு ஆறும் வரை அழுத்தம் இருக்கும். அப்போது கூலன்ட் ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் வடிந்து கீழே வருகிற துளை என்றால் அதில் அழுத்தமே கிடையாது, ஓடும்போதே கூலன்ட் இறங்கும்.

ரஹீம் எழுதியது:

அப்படியானால் தொட்டியில் மிதப்பது எங்கள் கட்டிங் ஆயில் மாதிரி, தண்ணீரில் எண்ணெய். கம்பியில் தெரிவது எண்ணெயில் தண்ணீர். நான் சம்பந்தமில்லாமல் பேசிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஸ்டெல்லா எழுதியது:

செய்து பார்த்துவிட்டேன். கம்பியில் ஆயில் கறுப்பாக, வழவழப்பாக இருக்கிறது, வெளிறல் இல்லை. டேப் ஒட்டிய இடத்திலேயே கூலன்ட் நிற்கிறது. 50 நிமிடம் ஓட்டினேன். மூடியில் லேசான ஈரம்கூட இல்லை. வெள்ளையும் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

மாணிக்கம் எழுதியது:

அப்படியானால் உங்களுக்குக் கேஸ்கட் கோளாறு இருப்பதாக எந்தக் குறியும் இல்லை. கூலன்ட் இறங்கி உண்டான பால் என்றால் ஒரு ஓட்டத்தில் காய்ந்து போகாது. தண்ணீர் ஆவியானாலும் அதிலுள்ள கிளைகால் 197 டிகிரியில்தான் கொதிக்கும், அது ஆயிலிலேயே தங்கி பேரிங்குகளைக் கெடுக்கும். டேப்பை ஒரு மாதம் அப்படியே விட்டு வையுங்கள். மட்டம் இறங்கினால் மறுபடி பேசுவோம்.

கயல்விழி எழுதியது:

ஸ்டெல்லா அக்கா கேட்டதால்தான் எனக்குச் சொல் கிடைத்தது. மூடியில் படிவதும் ஆயிலே பால் ஆவதும் வேறு வேறு என்றால் தமிழில் ஏற்கனவே அந்த வேறுபாடு இருக்கிறது. பால் வேறு, பாலின் மேல் படிகிற ஆடை வேறு. மூடியின் உள்பக்கம் ஒட்டுவதை 'மூடியாடை' என்றும், அளவுக்கம்பியில் தெரிகிற, ஆயில் முழுக்க வெளிறியதைப் 'பாலாயில்' என்றும் எழுதலாமா? மூடியாடை என்ற பதிவுக்குக் கீழே, கம்பியையும் கூலன்ட் மட்டத்தையும் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

இளங்கோ எழுதியது:

மூடியாடை அருமை. பாலாயிலில் பாதி தமிழ் இல்லை. 'பாலெண்ணெய்' என்றால் என்ன குறை?

மாணிக்கம் எழுதியது:

பட்டறையில் எண்ணெய் என்றால் யாரும் எஞ்சின் ஆயிலை நினைக்க மாட்டார்கள். பாலாயில் என்றால் சொன்னவுடனே பையன் கம்பியை உருவிப் பார்ப்பான்.

வெண்ணாவி பற்றி ஒன்று. பெட்ரோல் எஞ்சினில் அது சரி. டீசலில் எரியாத டீசலே வெள்ளையாக வரும். டீசல் வாடை அடிக்கும், கண்ணை எரிக்கும். அது தண்ணீர் ஆவி இல்லை. அதையும் வெண்ணாவி என்று எழுதினால் இன்ஜெக்டர் கோளாறுக்கு ஹெட்டைக் கழற்றுவார்கள்.

கயல்விழி எழுதியது:

அப்படியென்றால் டீசலுக்கு 'வெண்புகை', தண்ணீர் ஆவிக்கு 'வெண்ணாவி'. தேடுகிறவர்கள் வெள்ளைப் புகை என்றுதான் தேடுவார்கள். ஆகவே அந்தப் பெயரில் ஒரு பதிவு வைத்து, வாடையையும் சூடேறிய பிறகும் வருகிறதா என்பதையும் பார்த்துப் பிரிக்கச் சொல்கிறேன். காலையில் மட்டும் வந்து நிற்கிற ஆவிக்கும் நிற்காமல் வருகிற ஆவிக்கும் சொல்லிலேயே வேறுபாடு வேண்டுமா என்று தெரியவில்லை. 'நில்லா வெண்ணாவி' என்று எழுதிப் பார்த்தேன், நிற்காமல் வருவதா, காற்றில் நிற்காமல் கலைவதா என்று இரண்டு விதமாகவும் படிக்க முடிகிறது.

தலையடைக்கு இன்னும் யாரும் ஆமோதிக்கவில்லை. வேறு சொல் வரும் வரை ஹெட் கேஸ்கட் என்றே வைத்திருக்கிறேன்.

ரஹீம் எழுதியது:

தொட்டியில் மிதக்கிற பழுப்புப் பசைக்குப் பெயர் வைக்கவில்லையே. அது பாலாயில் இல்லை, மூடியாடையும் இல்லை.